நாலு மணிக்கு எழுந்து படிக்காதீர்கள்

மாதிரித் தேர்வின் உயிரியல் தாள்களைத் திருத்தும்போது அந்தத் தாள் வந்தது. ஒரு விடை பாதியில் நின்றிருந்தது. நின்ற எழுத்திலிருந்து ஒரு பேனாக் கோடு புறப்பட்டு, நெளிந்து நெளிந்து பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். பிள்ளை எழுதிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறாள்.

அவள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு பஸ்ஸில் வருகிறவள். பன்னிரண்டாம் வகுப்பு. ஆசிரியர் அறையில் நாங்கள் 'பார்டர்' என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவள். கொஞ்சம் தள்ளிவிட்டால் தேறிவிடுவாள், விட்டால் போய்விடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே தேர்வுக் காலத்தில் காலை ஆறு மணிக்கு உயிரியல் சிறப்பு வகுப்பு உண்டு. தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரி, தாம் உயிரியல் நடத்திய காலத்தில் தொடங்கிய வகுப்பு அது. இப்போது நான் எடுக்கிறேன்.

தாளைத் தலைமை ஆசிரியையிடம் காட்டினேன். அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தேர்வு வாரத் தூக்கப் பழக்கங்களைப் பற்றி ஒரு கரோசல் போடச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் படங்கள். அந்தப் பக்கம் என் தலையில் விழுந்த கதை தனி. ஆசிரியர் அறையில் ஒருத்திக்குப் போன் நன்றாகத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் அவள் கதை முடிந்தது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு படத்துக்கு ஒரு விஷயம், அதுவும் சின்ன விஷயம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ காபி வேண்டாம். போனைத் தலைமாட்டில் வைக்காமல் அடுப்படியில் சார்ஜ் போடு. மத்தியானம் கண் அசந்தால் இருபது நிமிஷம் படு, பொழுது சாய்ந்தபின் படுக்காதே. படுப்பதற்கு முன் அரை மணி புதுப் பாடம் எதையும் தொடாதே. ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்து வை. லீவு நாளிலும் எழும் நேரத்தை மாற்றாதே. வீட்டாருக்கு ஒரு படம்: பத்து மணிக்குப் பிள்ளை படுக்கட்டும், சீரியலின் சத்தத்தைக் குறையுங்கள்.

பார்க்கிறவர்கள் நடுவில் விட்டுப் போகாமல் அடுத்த படத்துக்குத் தள்ள வேண்டும் என்பதற்காக ஒரு வித்தை உண்டு. வாக்கியத்தைப் பாதியில் வெட்டி, மீதியை அடுத்த படத்தில் வைப்பது. நானும் வைத்தேன். ஐந்தாவது படத்தில் பெரிய எழுத்தில், 'நாலு மணிக்கு எழுந்து படிக்காதீர்கள்…'. ஆறாவது படத்தில், '…படுத்தது பன்னிரண்டு மணிக்கு என்றால். படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான்.'

இன்ஸ்டாகிராமில் அது வரிசையாக இருந்தது. பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவுக்கு யாரோ ஐந்தாவது படத்தை மட்டும் போட்டோ பிடித்து அனுப்பினார்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பொதுத்தேர்வு நேரத்தில் பள்ளியே சோம்பேறித்தனம் சொல்லிக்கொடுக்கிறது என்றார் ஓர் அப்பா. தான் நாலு மணிக்கு எழுந்து படித்துத்தான் இந்த நிலைமைக்கு வந்ததாக இன்னொருவர் எழுதினார். எந்த நிலைமை என்று அவர் எழுதவில்லை.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். வாக்கியத்தை வெட்டியது தப்பு, சேர்த்து எழுதிவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் போதாது, மொத்தத்தையும் எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்துப் போடுங்கள் என்றார். வெட்டியதற்கு வருத்தம் போடுகிறேன், சொன்ன விஷயத்துக்குப் போடமாட்டேன் என்றேன். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாப்பது வருஷமா நாலரைக்கு எழுந்திரிக்கிறேன் மிஸ். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"நீங்க ஒம்பது மணிக்குப் படுத்துடறீங்க சிஸ்டர்."

கான்வென்ட்டில் ஒன்பதுக்கு விளக்கு அணைவது தெருவுக்கே தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நாளை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன் அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தார். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறவர். கடைச் சீருடைப் புடவையிலேயே வந்திருந்தார். இவரும் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் போனில் என் படங்கள் எல்லாம், வரிசையாக, இருந்தன. பத்து மணிப் படத்தை எடுத்துக் காட்டினார்.

"கடைய சாத்திட்டு நான் வூட்டுக்கு வர பதினொண்ணாவுது மிஸ். நான் வந்தாத்தான் அது துன்னும். தனியா கீது, எப்படித் தூங்கும்? அப்பால உங்க கிளாஸுக்குன்னு நாலரைக்கே எழுந்துக்கினு பஸ்ஸுக்கு ஓடுது. இந்தப் பத்து மணிய நான் எங்க வைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

படங்கள் எல்லாமே அந்தப் பிள்ளையையும் அவள் வீட்டையும் பார்த்துத்தான் பேசின. டீயை நிறுத்து, போனை வை, டிவியைக் குறை. கடை அடைக்கும் நேரத்தை அவளால் மாற்ற முடியாது, பஸ்ஸையும் மாற்ற முடியாது. அவள் தூக்கத்தை இன்னொரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டிருந்தது எங்கள் வகுப்பு. அதை மாற்ற அவளால் முடியாது, என்னால் முடியும். இதைச் சொல்ல ஒரு படம்கூட நான் போடவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

நாளையிலிருந்து உங்கள் பெண் எட்டு மணிக்கு வந்தால் போதும் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். சிஸ்டர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

சொன்னபடி மதியத்துக்குள் பழைய கரோசலை எடுத்துவிட்டேன். அடுத்த நிமிஷமே புதியதைப் போட்டேன். வெட்டிய வாக்கியம் இப்போது ஒரே படத்தில் முழுசாக இருந்தது. இனி யார் எந்தப் படத்தைத் தனியாகப் பிய்த்து அனுப்பினாலும் அது தன் காலில் நிற்கும். கீழே, முன்பு வாக்கியத்தை வெட்டியதற்கு வருத்தம், ஒரே வரியில். கடைசிப் படத்தில் 'சேமியுங்கள், பகிருங்கள்' என்று போடுவது வழக்கம். அந்த இடத்தில், 'உயிரியல் சிறப்பு வகுப்பு நாளை முதல் காலை எட்டு மணிக்கு. அதுவரை தூங்குங்கள்' என்று போட்டேன். பள்ளியின் பக்கத்தில், பள்ளியின் முத்திரையோடு.

சாயங்காலம் தலைமை ஆசிரியை ஒரே ஒரு செய்தி அனுப்பினார். வகுப்பு ஆறு மணிக்குத்தான், நீங்கள் வர வேண்டும் என்று. பதில் எழுதாமல் போனை அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தேன்.

காலை எட்டு மணிக்குப் பதினாலு பிள்ளைகளும் வந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். டி.என்.ஏ. படம் போட்டுக்கொண்டிருக்கையில், மிஸ், ஒரு டவுட் என்றாள். அந்த வருஷத்தில் அவள் கேட்ட முதல் டவுட். அடுத்த வாரத் தேர்வில் கடைசிக் கேள்வி வரை எழுதியிருந்தாள். பாதி தப்பு. ஆனால் தப்பையெல்லாம் முழித்துக்கொண்டு எழுதியிருந்தாள். தப்பைத் திருத்த எனக்குத் தெரியும்.

அந்த முதல் நாளே மெமோ வந்தது. பியூன் அண்ணன் கொண்டுவந்து, கோபப்படாதீங்க மிஸ் என்று சொல்லிக் கொடுத்தார். காலை ஆறு மணிக்கு வகுப்புக்கு ஏன் வரவில்லை, எழுத்துபூர்வமாக விளக்கம் தரவும் என்றிருந்தது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே நின்றபடி விளக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

'தூங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும்.'