நல்வரவு வலப்பக்கம் ஒதுங்கிய காலை

எங்கள் குடியிருப்பில் அவருக்குத் தையல்காரம்மா என்றுதான் பெயர். ஆளை ஒரு தடவை பார்த்தாலே தோள் அளவைச் சொல்லிவிடுவார். விழா நாளில் கீழ்த்தளக் கூடத்தில் அரிசி மாவால் ‘நல்வரவு’ எழுதுவதும் ஒன்பது வருஷமாக அவர்தான்.

எழுத்தை எண்ணி இடத்தைச் சரிசமமாகப் பிரித்தால் உருப்படாது என்பார். கூடத்தின் அகலம் பதினெட்டுச் சாண். ந, ல், வ மூன்றுக்கும் இரண்டிரண்டு சாண். ர ஒல்லி, ஒரு சாண் போதும். வு-க்கு இரண்டரை. இடைவெளி எல்லா இடத்திலும் அரைச் சாண். வ-வுக்கும் ர-வுக்கும் நடுவில் மட்டும் முழுச் சாண். அங்கே இரண்டு நேர்க்கோடுகள் அருகருகே நிற்கும். நெருக்கினால் ‘வா’ என்று படித்துத் தொலைப்பார்கள். ஆக மொத்தம் பன்னிரண்டு சாண். இரு ஓரத்திலும் மூன்று மூன்று மிச்சம். நடுப்புள்ளியை மட்டும் அவர் அளப்பதே இல்லை. கண்ணாலேயே வைப்பார், அது பிசகியதும் இல்லை.

அன்று காலை துணைக்கு வந்தது அவர் நாத்தனார். தையல்காரம்மா நின்று பார்த்தார், சாக்பீஸால் புள்ளி வைத்தார், இரு பக்கமும் ஆறு ஆறு சாண் அளந்தார்.

“அண்ணி, புள்ளி தள்ளிப் போயிருக்கே?”

“எங்கடி தள்ளியிருக்கு? சரியா நடுவுலதான் இருக்கு.”

நாத்தனார் சாண் போட்டுப் பார்த்தாள். இடது ஓரத்தில் ஐந்து, வலது ஓரத்தில் ஒன்று.

“இந்தப் பக்கம் இவ்ளோ காலியா கிடக்குதே அண்ணி!”

“எந்தப் பக்கம்?”

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து நாத்தனார் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார். ந-வின் இடப்பக்க நேர்க்கோட்டைப் போடாமலே ல், வ, ர என்று நகர்ந்துகொண்டே போனார். மாவுக் கிண்ணம் இடக்கையில் சாய்ந்து, மாவு கொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நாத்தனார் கவனித்தாள்: அண்ணி தலையில் வலப்பக்கம் மட்டும்தான் சீவியிருந்தது.

“எழுந்திருங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“பைத்தியமா உனக்கு? ஆளுங்க வர்ற நேரம். வு பாக்கி இருக்கு.”

“வு நான் போட்டுக்கிறேன். எழுந்திருங்க.” காவலாளியும் ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்தார்.

டாக்டர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, நடுவைக் குறிக்கச் சொன்னார். அவர் வலது நுனிக்குப் பக்கத்தில் குறித்துவிட்டு, “இதுல என்ன இருக்கு?” என்றார். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்கட்டி; அதனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வரவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார்கள்.

உயிர் தப்பிவிட்டது. தையல் மெஷின் மேல் இப்போது துணி போர்த்தியிருக்கிறது. சாப்பிடும்போது தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். “போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு” என்பார். நாத்தனார் தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைப்பாள். “அட, இது எப்ப வெச்சே?” என்று கேட்டுவிட்டு மறுபடி சாப்பிடுவார்.