வாரத்து மாடு

கோமளாவுக்குச் சொந்தமாக மாடு இருந்ததில்லை. திருமுல்லைவாயிலில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் கொட்டகை அவளுடையது. அதில் நின்ற செவலை மாடு மேனாம்பேடு துலுக்கானத்துடையது. வளர்த்துப் பங்கிட்டுக்கொள்ள அவளிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். பால் அவளுக்கு. முதல் கன்று அவளுக்கு, அடுத்தது அவருக்கு. தீவனமும் சில்லறை வைத்தியமும் அவள் பொறுப்பு. பெரிய வைத்தியம் என்றால் ஆளுக்குப் பாதி. அவள் மேல் தப்பில்லாமல் மாடு செத்தால் நஷ்டம் அவருக்கு. டீக்கடை யூசுப் பாய் முன்னால் வாய்ப்பேச்சில் முடிந்தது.

முதல் ஈற்றில் கிடாரிக் கன்று. அது பால்குடி மறந்த சமயத்தில் மாடு அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு உப்பிக்கொண்டே போனது. கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வித்யா வந்து அழுத்திப் பார்த்தார்.

"உள்ள பிளாஸ்டிக் அடைச்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஆபரேஷன் பண்ணாதான் பிழைக்கும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

கோமளா துலுக்கானத்துக்குப் போன் போட்டாள்.

"ஆபரேஷனா? அதெல்லாம் இன்னாத்துக்கு? எண்ண ஊத்து. நாளிக்கி வந்து பாக்கறேன்."

"என் பாதி கையில கீதுண்ணே. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, வண்டி ஏத்திர்றேன்."

"வந்து பாக்கறேன்னேன்ல."

எண்ணெய் ஊற்றினாள். மறுநாள் அவர் வருவதற்குள் மாடு செத்துக் கிடந்தது. கோமளா அழவில்லை. மாட்டின் மடியில் ஒட்டிய சாணியை ஈரத்துணியால் துடைத்தாள். ஏன் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வித்யா வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கேரி பைகள் கயிறாகத் திரண்டு வந்தன. துலுக்கானம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரோட்ல மேய உட்டது உன் தப்பு. கன்னுக்குட்டிய குடுத்துரு."

டீக்கடையிலிருந்து வந்திருந்த யூசுப் பாய்தான் பேசினார்.

"உங்கிட்ட இருந்தப்போ எங்க மேஞ்சுது துலுக்கானம்? என் கடை வாசல்லதானே? அந்தப் பை இவ கொட்டாய்க்கு வந்தப்புறம்தான் உள்ள போச்சுன்னு சொல்ல முடியுமா?"

துலுக்கானம் கிளம்பப் பார்த்தார். பாய் விடவில்லை.

"பாதிக் காசோட நின்னவகிட்ட 'நாளிக்கி'ன்னு சொன்னது நீ. மாடு போனது உன் கணக்கு. கன்னு அவளுது."

"சரி, வெச்சிக்கட்டும்," என்றார் துலுக்கானம். "இனிமே அவளுக்கு மாடு உட மாட்டேன்."

குப்பை வண்டி வந்து மாட்டை ஏற்றிப் போனது.

கன்று அவளுக்கு நிலைத்தது. அது வளர்ந்து, சினை பிடித்து, கறக்க இன்னும் ரொம்ப நாள். அதுவரை ஊற்றப் பாலில்லை. பால் வாங்கிக்கொண்டிருந்த அபார்ட்மெண்ட்காரர்கள் இரண்டு நாள் கேட்டுவிட்டு பாக்கெட்டுக்கு மாறினார்கள். கோமளா அதே அபார்ட்மெண்டில் மாடிப்படி பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

"கன்னு நல்லா கீதா?" என்று ஒரு நாள் பாய் கேட்டார்.

"கீது பாய்," என்றாள். ஜெயித்தோம் என்றும் தோன்றவில்லை, தோற்றோம் என்றும் தோன்றவில்லை. கன்றை இப்போது அவிழ்த்து விடுவதேயில்லை.