அணியம் என்ற சொல்

எழுபதுகளின் பிற்பகுதியில் ஊர்காவற்றுறை அலுவலகம் ஒன்றில் எனக்குக் கிடைத்த வேலை, பிறர் எழுதிய முறைப்பாடுகளைச் சுருக்குவது. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். நீண்டதைக் குறுக்கத் தெரிந்தவன் என்பதால் எடுத்தார்கள்.

தாம் வேலை செய்யும் இடத்தில் நடக்கும் பிழையைத் தாமே சொல்ல விரும்புகிறவர்களுக்கென்று ஒரு படிவம் இருந்தது. மேற்பாதியில் பெயர், விலாசம், தொழில். கீழ்ப்பாதியில் விடயம். வந்தவுடன் மேற்பாதியைக் கத்தரித்து, இரண்டிலும் ஒரே இலக்கத்தை இட்டு, மேலதை உறையில் ஒட்டி அலுமாரியில் பூட்டுவேன். திறப்பு என்னிடமும் எங்கள் அதிகாரியிடமும் மட்டும் இருந்தது. கீழ்ப்பாதியைச் சில வரிகளில் சுருக்கி, வகை, கடுமை, அவசரம் என மூன்று குறிப்புகள் எழுதுவேன். வியாழக்கிழமைக் குழு அந்தத் தாளைப் பார்த்து எதை முதலில் விசாரிப்பது என்று முடிவு செய்யும்.

கடுமையும் அவசரமும் ஒன்றல்ல என்பது எனக்குப் பிடிபடச் சில கிழமைகள் சென்றன. கூரை மரம் உக்கிய பள்ளிக்கூடம் கடுமையானது. ஆனால் பிள்ளைகள் விடுமுறையில் இருந்தால் ஒரு மாதம் பொறுக்கும். முறைப்பாடு உண்மையா என்று எழுத இடமில்லை. அது விசாரிக்கிறவர்களின் வேலை. பத்திரிகைக்காரனுக்கு அந்த இடம் இல்லாதது உறுத்தியது. ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கோபத்தை, பழைய பகையைத் தேடிக்கொண்டே வாசித்தேன்.

ஆனி மாதம். நயினாதீவுத் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. குறிகட்டுவானிலிருந்து ஆட்களை ஏற்றும் மோட்டர் வள்ளம் ஒன்றைப் பற்றி ஒரு படிவம் வந்தது. அணியத்தடிப் பலகை உக்கிவிட்டது, தண்ணீர் இறைக்கும் பம்ப் இறுகி நிற்கிறது, யாரும் வந்து பாராமலே பரிசோதனைக் கொப்பியில் ஒப்பம் விழுந்திருக்கிறது. கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல உருண்டையாக இருந்தது. மேற்பாதியில் இருந்த பெயர், அந்த வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிறவருடையது. அவருக்கு எழுதத் தெரியாது என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். யாரோ சொல்லிக்கொடுத்து எழுதுவித்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு, கை வேறு யாருடையதானாலும் சொற்கள் அவருடையவை என்று பட்டது.

சுருக்கம் எழுதினேன். வகை: பயணிகள் பாதுகாப்பு. கடுமை: உயிராபத்து. அவசரம்: திருவிழாவுக்கு முன். அதன் கீழே: 'அணியத்தடிப் பலகை உக்கியுள்ளதாகவும் பம்ப் இயங்கவில்லை என்றும் கூறப்படுகிறது.'

தட்டச்சுக்காரி அனலைதீவைச் சேர்ந்தவர். தகப்பன் கடலுக்குப் போகிறவர். விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அண்ணை, அணியத்தடி எண்டது இருக்கட்டோ?"

"ஏன், எழுத்துப் பிழையோ?"

"பிழை இல்லை. ஏறி இறங்கிற சனம் முன்பக்கம் எண்டுதான் சொல்லும். அதோட, அடிப்பலகை சனத்துக்கு எங்க தெரியும்? மேல்தட்டைக் கிளப்பினவனுக்கெல்லோ தெரியும்."

"சொன்னவர் சொன்னபடி இருக்கட்டும்" என்றேன். பத்திரிகை எனக்குக் கற்பித்த ஒழுக்கம் அதுதான். சொன்னவரின் சொல்லை மாற்றாதே.

"உங்கட விருப்பம்" என்று தட்டச்சடித்தார்.

வியாழக்கிழமை, குழுவில் இருந்த ஒரு வியாபாரி தாளைக் கண்ணுக்கருகே பிடித்து வாசித்தார். வள்ளத்துச் சொந்தக்காரருக்கு அவர் மச்சான் முறை. அது எங்கள் அதிகாரிக்கும் தெரியும். ஆனால் அவரை எழுந்து போகச் சொல்ல ஒரு விதியும் இல்லை.

"அணியத்தடி. வலு வடிவான சொல்லு. ஆர் எழுதினது?"

"சுருக்கம் எழுதினது நான்."

"நீர் எந்த ஊர்?"

"காரைநகர்."

"ஓம், தெரியும். உம்மட ஐயா பதுளையில கடை வைச்சிருந்தவர். கடையிலயும் அணியம் இருந்ததோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

அதிகாரி குறுக்கிட்டார். "ஆர் எழுதினதெண்டது இஞ்ச வேண்டாம். குறிகட்டுவானில நிக்கிற எல்லா வள்ளத்தையும் ஒரே நாளில பாப்பம். ஒண்டை மட்டும் பாத்தால்தான் ஆர் எண்டு தேடுவினம்."

திங்கட்கிழமை எல்லா வள்ளங்களையும் பார்த்தார்கள். அந்த வள்ளத்தின் பலகையில் பேனாக்கத்தி கைப்பிடி வரை இறங்கியது. அதைக் கரையில் இழுத்துப்போட்டார்கள்.

புதன்கிழமை எஞ்சின்காரரை வேலையால் நிறுத்தினார்கள்.

மச்சானிடமிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட சொந்தக்காரருக்குக் கணக்கு எளிது. மேல்தட்டைக் கிளப்புகிறவர்கள் மூவர். ஓட்டி, சொந்தக்காரரின் உறவு. தண்ணீர் இறைக்கிறவருக்கு எழுத்துத் தெரியாது. மிச்சம் எஞ்சின்காரர். எல்லா வள்ளங்களையும் பார்த்ததால் மறைந்திருக்கவேண்டிய மனிதனை என் தாளில் இருந்த ஒரு சொல் தேடிக் கொடுத்தது. அதுவும் பிழையான மனிதனை.

எஞ்சின்காரர் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"நான் எழுதேல்லை எண்டு ஒரு துண்டு தாங்கோ. அவ்வளவும் போதும்."

"அது ஏலாது."

"ஏன் ஏலாது? நான் எழுதினனானோ? உங்களுக்குத் தெரியுமெல்லோ!"

தெரியும். அவர் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் மிஞ்சுவது ஒருவர்தான். அதை அவரிடம் சொல்லவும் முடியாது, சொன்னாலே சொன்னதாகிவிடும். "எழுதினது ஆர் எண்டு ஓம் எண்டும் சொல்லமாட்டம், இல்லை எண்டும் சொல்லமாட்டம். ஆருக்கும்" என்றேன்.

"அப்ப நானும் எழுதினனான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். "எழுதாமல் வேலை போறதிலும் எழுதிப் போனால் நல்லம்."

புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தேன். அங்கேயே நின்று எழுதினார். மேற்பாதியைக் கத்தரித்தேன், எல்லோருக்கும் தெரிந்த பெயராக இருந்தும். சுருக்கத்தில் எழுதினேன்: வகை: பழிவாங்கல். கடுமை: தொழில் இழப்பு. அவசரம்: உடன். 'முறைப்பாடு செய்தார் என்ற சந்தேகத்தில் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.' தட்டச்சுக்காரி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. 'ஒருவர்' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றார்.

அதிகாரி அந்தத் தாளைக் குழுவுக்குக் கொண்டுபோகவில்லை. சொந்தக்காரரைக் கூப்பிட்டு, பலகை மாற்றிய பின் மறுபரிசோதனைக்கு வள்ளம் வரும்போது பழைய ஆட்கள் மூவரும் அதில் நிற்கவேண்டும், பழுதைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்றார். திருவிழா கிட்டிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் கணக்குப் பார்த்தார். எஞ்சின்காரர் திரும்பவும் வேலைக்குப் போனார்.

கடைசி நாள் திருவிழாவுக்கு நானும் அந்த வள்ளத்தில் போனேன். சனம் நெருக்கியடித்தது. எனக்கு எதிர்ப்பலகையில் குழுவில் இருந்த அந்த வியாபாரி, மடியில் அர்ச்சனைத் தட்டு.

"என்ன தம்பி, இப்ப அணியம் நல்லாக் கிடக்கோ?"

"தெரியாது ஐயா. நான் ஏறி இறங்கிற ஆள்."

எஞ்சின் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அணியப் பக்கம் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது, ஒழுங்கான, இறுகாத சத்தம். அந்தப் பக்கம் தலை திரும்பப் போனது. அப்போதுதான் வியாபாரி கடலையோ சனத்தையோ பார்க்கவில்லை என்பதைக் கண்டேன். என் கண்கள் யாரிடம் போகின்றன என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நயினாதீவு இறங்குதுறை வரும்வரை நான் எதிர்ப்பக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனேன். இறங்கும்போது, பம்ப் அடித்தவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், ஒரு கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.