எழுபத்திரண்டு சட்டை

சட்டைத் தொழிற்சாலையில் பதினொரு வருஷமாகச் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா, புருஷன் சட்டையைக்கூடத் தையல் பார்க்காமல் மாட்டவிட மாட்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருவது, மாசக் கடைசியில் மேனேஜர் போர்டில் போடும் கணக்கைப் பார்த்தால்தான்.

இந்த மாசமும் போட்டார். பெரிய லைனில் தைத்த தொள்ளாயிரம் சட்டையில் இருபது சதவீதம் பழுது. சின்ன லைனின் நூறு சட்டையில் இரண்டு சதவீதம். இரண்டையும் கூட்டி, பாதியாக்கி, ‘மொத்தப் பழுது பதினொரு சதவீதம்’ என்று எழுதிவிட்டுச் சிரித்தார்.

"சார், தொள்ளாயிரமும் நூறும் ஒண்ணா? அங்க நூத்தியெண்பது பழுது, இங்க ரெண்டே ரெண்டு. ஆயிரத்துக்கு நூத்தியெண்பத்திரண்டு சார்! பதினெட்டு சதவீதத்துக்கு மேல போகுது."

"சராசரின்னா கூட்டி வகுக்கிறதுதாம்மா. எனக்கே பாடம் எடுக்காத."

மாசாமாசம் இதே பதில். கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். அக்கா விறுவிறுவென்று போய்ப் பழுதுச் சட்டைகளை அள்ளிவந்து அவர் மேஜையில் கொட்டினாள்.

"உங்க பதினொரு சதவீதத்துக்கு நூத்திப்பத்தை எண்ணித் தனியா வச்சுட்டேன். இது மீதி எழுபத்திரண்டு. உங்க கணக்குப்படி இதெல்லாம் நல்ல சட்டை. நீங்களே போட்டுக்கங்க!"

மேலே கிடந்த சட்டைக்கு ஒரு கை இல்லை.