லேபிளில் இடமில்லாத இரண்டு வரிகள்

தெஹியோவிட்டவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனத்தின் காரியாலயம் இருந்தது. தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. நான் டைப்பிங் வேலைக்குச் சேர்ந்தவள். கொம்பியூட்டரும் பிரிண்டரும் என் பொறுப்பு. என் தலைக்கு மேலே கொழும்பிலிருந்து வந்த இணைப்பாளர் ஒருவர் இருந்தார். கழுத்தில் டை, கையில் கமெரா.

யுத்தம் மறுபடி சூடு பிடித்திருந்த காலம். அட்டை இல்லாமல் பஸ் ஏறினால் செக்பொயின்டில் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கிவிடப்பட்ட ஒரு பெண் ஒருநாள் எங்கள் படியேறி வந்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவள். கொழும்பில் அவளுடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"பொண்ணுக்குப் பச்ச ஒடம்பு மிஸ். பக்கத்துல பாத்துக்க ஆளில்ல. பாதி வழியில எறக்கி, விசாரிச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு காட் எடுத்துக் குடுங்க மிஸ்."

விலாசம் கேட்டேன். அவள் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். தன் பெயர், லயத்து வீட்டு வரிசையின் இலக்கம், மேல் டிவிஷன், தோட்டத்தின் பெயர், தபால் ஊர். "டிவிஷன மறந்துறாதீங்க மிஸ், எங்க தோட்டத்துல எம் பேருல நெறைய பேரு" என்று அவளே சொன்னாள். எங்கள் தோட்டங்களில் குலசாமி பெயரைத்தானே வைப்பார்கள். மலைக்கு நாலு பேர் அதே பெயரில் இருப்பார்கள். அவள் சொன்னதை ஐந்து வரியாக எக்செலில் ஏற்றினேன்.

அட்டைக்கு விண்ணப்பம் எடுக்க அதிகாரிகள் நேரில் வரும் நடமாடும் சேவைக்கு நாள் குறித்தார்கள். யார், எந்த நாள், எந்த இலக்கத்தோடு வரவேண்டும் என்று ஆளுக்கொரு கடிதம் போகவேண்டும். கடிதத்தைக் காட்டினால்தான் தோட்டத்தில் அன்றைக்கு வேலையிலிருந்து விடுவார்கள். கையில் கடிதம் இல்லாதவரைச் சேவையில் உட்காரவும் வைக்கமாட்டார்கள்.

உறைகளில் ஒட்ட ஸ்டிக்கர் தாள் வாங்கிவந்தவர் இணைப்பாளர்தான். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்ததாம். பெட்டியில் லேபிளின் வகை இலக்கமே இல்லை. இலக்கம் இருந்தால் வேர்டில் அதைத் தெரிவுசெய்தால் போதும், அளவெல்லாம் தானாக வந்துவிடும். இவர் பட்டியலில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றைத் தட்டிவிட்டு, "சரியா வரும், பிரிண்ட் அடி" என்றார். முதல் வரிசை சரியாகத்தான் வந்தது. வரிசைக்கு அரை மில்லிமீற்றர் பிசகி, கடைசி வரிசைக்குப் போகும்போது ஒருத்தரின் ஊர் அடுத்தவரின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பிழையாக வந்த தாளில் சரியாக வந்த ஸ்டிக்கர்களை உரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத் தாளைத் திரும்பவும் பிரிண்டருக்குள் தள்ளினார். சிக்கனமாம். லேசர் பிரிண்டரின் சூட்டில் ஓரம் பிரிந்திருந்த ஸ்டிக்கர் ஒன்று கழன்று, உள்ளே உருளையில் ஒட்டிக்கொண்டது. கருகிய பசை நாற்றம் மாடி முழுக்க. அதைச் சுரண்டியது நான். அவர் கீழே போய்ப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஸ்கூல் அடிமட்டத்தை எடுத்து நானே அளந்தேன். மேல் விளிம்பு, பக்க விளிம்பு, ஒரு ஸ்டிக்கரின் அகலம், உயரம். ஒன்றின் தலையிலிருந்து அடுத்ததன் தலைக்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம். அதைப் பத்து ஸ்டிக்கருக்குச் சேர்த்து அளந்து பத்தால் பிரித்தேன். புதிய லேபிள் என்று அந்த அளவுகளைக் கொடுத்து, தாளை ஏ-ஃபோர் என்று மாற்றி, முதலில் வெறும் தாளில் அடித்தேன். அதை ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் கோட்டுக்குள் இருந்தது, ஐந்தாவது வரியைத் தவிர. லேபிள் பெட்டியின் உயரம் இறுக்கமானது, எழுத்துக்காக நீளாது. மிஞ்சிய வரியை அப்படியே விழுங்கிவிடும். எழுத்தின் அளவை ஒன்பதாகக் குறைத்தேன். ஐந்து வரியும் அடங்கியது.

அடுத்த நாள் என்னை அவிசாவளைக்குப் போட்டோ பிரதி எடுக்க அனுப்பினார். பின்னேரம் திரும்பி வரும்போது உறைகள் எல்லாம் தபாலுக்குப் போயிருந்தன. மேசையில் மிஞ்சிக்கிடந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தேன். பதினான்கில், தடித்த எழுத்தில், மூன்றே வரி. பெயர், தோட்டம், ஊர். முதல் லேபிளில் லயத்து இலக்கத்தையும் டிவிஷனையும் அழித்துவிட்டு, எல்லா லேபிளையும் அதேபோல மாற்றும் பட்டனை அமுக்கியிருக்கிறார். ஒரே அமுக்கில் அத்தனை பேருடைய வாசலும் போய்விட்டது.

"ஏன் சேர் வெட்டினீங்க?"

"உறைய ஃபோட்டோ எடுத்தா சின்ன எழுத்து விழாது. காசு குடுக்கிறவங்களுக்கு அனுப்பணுந்தானே. எஸ்டேட் ஒஃபிஸ்ல உள்ளவங்களுக்கு ஆள் தெரியும், குடுப்பாங்க."

அவர் சொல்வது எவ்வளவு நடக்கும் என்று லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தோட்டத்துத் தபால் ஒரே பையில் ஒஃபிசுக்குப் போகும். அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் சனம் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் வெறும் பெயர்தான். தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "பாப்பம், பாப்பம்" என்று வைத்துவிட்டார்.

சேவை நாளில் நான் வாசலிலேயே நின்றேன். பால் வெட்டுகிறவளின் கடிதத்தோடு வந்தது, அதே பெயருள்ள கீழ் டிவிஷன் கிழவி ஒருத்தி. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"எனக்குத்தான் காட் இருக்கே புள்ள. எதுக்கு கூப்பிட்டீங்க? இன்னைக்கு பேரும் போச்சு."

பேர் என்றால் அவளுடைய ஒருநாள் சம்பளம். பால்வெட்டுக்காரி வரவே இல்லை. அன்று பின்னேரம் இணைப்பாளர் உறைகளின் ஃபோட்டோக்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, "வடிவா வந்திருக்கு, என்ன?" என்று என்னிடமே கேட்டார். காறித் துப்பலாம்போல இருந்தது. சம்பளத்தை நினைத்து எச்சிலை விழுங்கினேன்.

சில வாரம் கழித்துப் பால்வெட்டுக்காரி மறுபடி படியேறி வந்தாள். கிழவி கொடுத்தனுப்பிய உறை கடைசியில் அவள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. கசங்காமல் வைத்திருந்தாள்.

"பேத்தி கவுந்து படுக்குதாம் மிஸ். போன்ல சொன்னாங்க. இன்னும் நான் மொகத்தப் பாக்கல."

உள்ளேயிருந்து இணைப்பாளர் எட்டிப்பார்த்தார். உறையை வாங்கிப் புரட்டினார்.

"அம்மா, விலாசத்த ஒழுங்கா முழுசா குடுக்கணும். நீங்க அரைகுறையா குடுத்தா நாங்க என்ன செய்றது?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "சரிங்க சேர், தப்புதாங்க" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அவங்க முழுசாத்தான் குடுத்தாங்க. நீங்கதான் வெட்டினீங்க சேர்" என்றேன். எழுந்து நின்றே சொன்னேன்.

அவர் சிரித்தார். "லேபிள்ல எடம் இல்லையே, மகள்."

அவள் உறையைத் திரும்ப வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அந்த இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஸ்டிக்கரில் ஊர்ப் பெயருக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்த இடத்தில், ரப்பர் பால் கறுத்துக் காய்ந்திருந்த பெருவிரலை வைத்தாள். விரல் முழுசாக அதற்குள் அடங்கியது.

"இங்க இருக்கே சேர்" என்றாள்.