மச்சான் கொண்டுவந்த மணித் தோரணம்

மனைவியின் தம்பிக்குப் பேராவூரணி. அவர் கொண்டுவரும் கார்த்திகைச் சீரில் தேங்காய் நல்லதாகத்தான் இருக்கும். போன வருஷம் எங்கள் வீட்டில் மினுக்கும் சீரியல் பல்பு, மணித் தோரணம் எல்லாம் மாட்டி, சாம்பிராணியும் போட்டார். ஆட்டிசம் உள்ள என் பேத்தி காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதினாள். "ரெண்டு அடி போட்டா அடங்கிடும்" என்றார். நான் மறக்கவில்லை.

இந்த வருஷம் சாம்பிராணி கிடையாது. மினுக்காத ஒரே பல்பு. மாவிலைத் தோரணத்தைக்கூட முதல்நாளே அவளிடம் காட்டிவிட்டுத்தான் கட்டினோம்.

மச்சான் அதே பல்பும் மணியும் அடைத்த பையோடு வந்தார். சீரியல் ஒயரால் புடலங்கொடியைக் கட்டினேன். மணித் தோரணத்தை அவர் காருக்குள் மாட்டினேன்.

கிளம்பும்போது பார்த்துவிட்டார். "என்னங்க அத்தான் இது?"

"ஊர் வரைக்கும் கேட்டுகிட்டே போங்க. ரெண்டு அடி போட்டா அடங்கிடும்."

கார் மணிச் சத்தம் தெருமுனை தாண்டியதும், உள்ளே பேத்தி காதிலிருந்து கையை எடுத்து அகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.