தள்ளிப் போட்ட குழி

மண் பரிசோதனை செய்கிறவன் என்றால் சொந்தக்காரர்களுக்கு அவன் ஏதோ டாக்டர் மாதிரி. வீடு கட்டப்போகிற ஒவ்வொருவனும் ஒரு பிடி மண்ணைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்து, "நல்லா கீதா?" என்று நீட்டுவான். நானும் பெரிய மனுஷன் மாதிரி நசுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். சாத்தாங்காட்டில் இரும்புக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. முக்காலி நிறுத்தி, குழாய் இறக்கி, அடியில் என்ன மண் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை நம்பித்தான் இஞ்சினியர் அஸ்திவாரம் போடுவார்.

என் அக்கா ராயபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருபது வருடம் இருந்தவள். மாமா துறைமுகத்தில் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போனதற்கு வந்த பணத்தை வைத்து, மணலிக்கு அப்பால் கொசஸ்தலை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மனை வாங்கினாள். ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"நீ பாத்து சொல்லுடா. நீ சொன்னா நான் கண்ண மூடிக்கினு கட்டுவேன்" என்றாள்.

காட்டுப்பள்ளி வேலைக்குப் போகிற வழியில் முக்காலியை அங்கே இறக்கினோம். மனையில் இரண்டு குழி, முன்பக்கம் ஒன்று, பின் மூலையில் ஒன்று. முன்பக்கம் மேடு. பழுப்பு மணல், சுத்தியல் அடிக்கு நன்றாக எதிர்த்து நின்றது. பின் மூலை பள்ளம். சித்திரை வெயிலிலும் ஈரம், முழங்கால் உயரக் கோரை. அந்தக் கோரை எங்கள் மனையோடு நிற்கவில்லை. பக்கத்து மனைகளின் ஊடே வளைந்து, அப்படியே ஆற்றைப் பார்த்துத் திரும்பிப் போனது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

குழி போடுகிற டிரில்லர் சேற்றில் ஒரு காலை விட்டு எடுத்துக் காட்டினார். "சார், இங்க வெச்சா முக்காலி மூணு காலும் உள்ள பூந்துடும். பேஜாரு. அந்தாண்ட மேட்டுல போட்டுக்கலாம் சார், அதே மண்ணுதான."

எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிற காரியம். முக்காலி நிற்காத இடத்தில் குழி தள்ளிப் போவது, தாளில் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். காலால் பதினைந்து எட்டு வைத்துத் தள்ளிப் போட்டோம். இரண்டாவது குழியிலும் அதே பழுப்பு மணல். வராமல் என்ன செய்யும், முதல் குழி இருந்த அதே மேடுதானே! சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து, 'பின் மூலை: நடுத்தர இறுக்கமுள்ள மணல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதத்தில் மனை விற்றவர்கள் பள்ளம் முழுக்கச் சவுடு கொட்டிச் சமன் செய்துவிட்டார்கள். கோரையும் போச்சு, வளைவும் போச்சு. அக்கா பின் மூலையில் சமையலறையும் தன் படுக்கையறையும் வைத்து வீட்டைக் கட்டினாள். பால் காய்ச்சின அன்றைக்கு எனக்குத்தான் முதல் டம்ளர்.

மூன்றாம் வருடம் சமையலறைக் கதவு இழுபட ஆரம்பித்தது. தச்சன் வந்து சீவினான். மறு வருடம் திரும்பவும் சீவினான். அப்புறம் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஏறியது. "சுண்ணாம்பு வெடிப்பு அக்கா" என்றேன். பொய் என்று சொல்லும்போதே தெரியும். அவள் பார்க்காதபோது விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வந்தேன். வீடு இறங்குவது நின்றுவிட்டால் கண்ணாடி முழுசாக இருக்கும். இரண்டு மாதத்தில் அது இரண்டாகக் கிடந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்து ஆறு கரை தாண்டியது. நான் அக்காவோடு மொட்டை மாடியில் இருந்தேன். வெள்ளம் பரவலாக ஏறும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஏறவில்லை. முதலில் பின்பக்கம் ஒரு வரிசை வீடுகளை மட்டும் சுற்றி, அரைவட்டமாக வளைந்து நின்றது. சவுடும் ரோடும் போட்டு மூடின பள்ளத்தைத் தண்ணீர் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தது. அக்கா வீட்டின் பின்பாதி அதற்குள், முன்பாதி வெளியே.

காலேஜில் இதைத்தான் படித்தேன், பரீட்சையில் படம் போட்டு முழு மார்க்கும் வாங்கினேன். சமவெளியில் ஆறு நேராக ஓடாது. வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் வேகமாக மோதி அறுக்கும், உள்கரையில் வேகம் குறைந்து மணலை விட்டுப் போகும். அந்த மணல்தான் எங்கள் மேடு. இப்படி ஒரு பக்கம் அறுத்து மறு பக்கம் போட்டு ஆறு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளத்தாக்கின் தரை முழுக்க அது என்றைக்கோ கிடந்துவிட்டுப் போன படுக்கைதான். வளைவு முற்றி, அதன் இரண்டு முனையும் நெருங்கினதும் ஒரு வெள்ளத்தில் கழுத்தை வெட்டிக்கொண்டு நேரே பாயும். பழைய வளைவின் வாய்களை மணல் அடைத்துவிடும். மிச்சம் ஒரு வளைந்த ஏரி. குதிரைக் குளம்பு ஏரி என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். அப்புறம் வெள்ளம் வரும்போதெல்லாம் கலங்கல் தண்ணீர் அதில் தேங்கி, மெல்லிய வண்டல் படிந்து படிந்து, கடைசியில் கோரை முளைத்த சதுப்பாகும். அடியில் அத்தனையும் ஊறின களி. மணல் மேல் பாரம் வைத்தால் கட்டி முடிப்பதற்குள் அமுங்க வேண்டியது அமுங்கி நின்றுவிடும். களி அப்படியில்லை. தன்னிடம் இருக்கிற தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு வருடக்கணக்கில் இறங்கும்.

இவ்வளவும் தெரிந்த நாய்தான் பதினைந்து எட்டு தள்ளிப் போட்டது.

வெள்ளம் வடிந்தபோது சமையலறையில் இரண்டு விரல் கனத்துக்கு வழவழவென்று வண்டல். அக்கா அதை முறத்தால் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் கையால் முறுக்கி இறக்கும் துளைக்கருவியைக் கொண்டுபோய், பின் சுவரை ஒட்டி அந்த மூலையிலேயே இறக்கினேன். சவுடு வரைக்கும் தோள் வலித்தது. அதைத் தாண்டினதும் கருவி தானாகப் போனது. மேலே இழுத்தால் கரிய களி, அழுகின முட்டை நாற்றம், மட்கின கோரைத் தண்டு, சின்னச் சின்ன நத்தை ஓடுகள். இன்னொரு குழாயை மாட்டினேன். அதுவும் போனது. மணல் தட்டவே இல்லை.

அக்கா முறத்தோடு வந்து நின்றாள். "இன்னாடா இது, இவ்ளோ கலீஜா கீது?"

சொல்லிவிட்டேன். கோரை, சேறு, மேடு, கையெழுத்து, ஒட்டின கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், முறத்தை என் மூஞ்சியில் வீசுவாள் என்று காத்திருந்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் எறங்குமா?"

"எறங்கும்."

"நிறுத்த முடியாதா?"

"முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் எறங்கும். நடுவுல பிளந்துகினே போகும் அக்கா. நீ இங்க படுக்காத."

அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்காக அவள் புருஷனையே கொடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் களியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எனக்கே இப்டி பண்ணிக்கீறியே. இன்னும் எத்தினி பேர் வூட்டுக்கு இந்த மாரி தள்ளிப் போட்டு எழுதிக் குட்த்த?"

மீஞ்சூர் போகிற ரோட்டில் ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம். அதற்கும் முன்னால் அத்திப்பட்டுப் பக்கம் இரண்டு. அப்புறம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.